டவல் நூலில் முறுக்கும் புரியும்: வலிமை, மென்மை, இழுபடுதல் மூன்றையும் கணக்குப் போட ஒரு முழு வழிகாட்டி

நூல் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது நம்பரை. இருபதாம் நம்பரா, நாற்பதா, கிலோ என்ன விலை? அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் ஒரே பஞ்சில், ஒரே நம்பரில் நூற்ற இரண்டு நூல்களில் ஒன்று துணியாகி ஐந்து வருஷம் உழைப்பதும், இன்னொன்று ஐந்தாவது சலவையிலேயே நூல் நூலாக இழுத்துக்கொண்டு வருவதும் பெரும்பாலும் முறுக்கினால்தான்.

இதை விளக்க டெர்ரி டவலைவிட நல்ல துணி கிடையாது. வேட்டியிலோ சட்டைத் துணியிலோ நீளவாக்கில் ஓடும் பாவு, குறுக்கே ஓடும் ஊடை என்று இரண்டே நூல்தான். டவலில் மூன்று. அடியில் இருக்கும் கிரவுண்ட் பாவு இழுவிசையைத் தாங்குகிறது. மேலே சுருள் சுருளாக நிற்கும் பைல் பாவு தண்ணீரை உறிஞ்சுகிறது, உடம்பில் படுகிறது, மோதிரத்திலும் ஜிப்பிலும் மாட்டுவதும் அதுதான். ஊடை இரண்டையும் கட்டிப் பிடிக்கிறது. ஆக ஒரு நூலுக்கு வலிமை வேண்டும், ஒரு நூலுக்கு மென்மை வேண்டும், இரண்டும் பிரியாமல் இருக்கவும் வேண்டும். மூன்றுக்கும் ஒரே முறுக்கைக் கொடுத்தால் ஏதாவது ஒரு பக்கம் கெடும். கரூரிலோ ஈரோட்டிலோ சோலாப்பூரிலோ எங்கே நெய்தாலும் கணக்கு இதுதான்.

படி 1: கையில் இருக்கும் நூலைப் படிப்பது

முதலில் திசை. நூலைச் செங்குத்தாகப் பிடித்துக் கண்ணருகே வையுங்கள். வரிகள் மேல்வலத்திலிருந்து கீழ் இடதுக்குச் சாய்ந்தால் அது இசட் முறுக்கு. மேல் இடதிலிருந்து கீழ்வலத்துக்குச் சாய்ந்தால் எஸ் முறுக்கு. நூலைத் தலைகீழாகத் திருப்பினாலும் சாய்வு மாறாது, அதனால் எந்த முனை மேலே என்ற குழப்பம் வேண்டாம். மில்லிலிருந்து வரும் ஒற்றை நூல் பெரும்பாலும் இசட். ஒற்றை நூல் இரண்டைச் சேர்த்துத் திரித்த இருபுரி நூலாக, அதாவது டபுளிங் நூலாக இருந்தால் வெளியே தெரியும் முறுக்கு வழக்கமாக எஸ்.

அடுத்தது எண்ணிக்கை. இருபுரி நூலுக்கு இதை வீட்டிலேயே எண்ணலாம். பத்து அங்குல நூலை எடுத்து ஒரு முனையை கிளிப்பில் மாட்டி, மறுமுனையை ஒரு தீப்பெட்டித் துண்டில் ஒட்டி, தொய்வில்லாமல் பிடித்தபடி முறுக்கு அவிழும் பக்கமாகச் சுற்றுங்கள். ஒவ்வொரு முழுச் சுற்றையும் எண்ணுங்கள். இரண்டு புரிக்கும் நடுவே ஓர் ஊசியை இந்த முனையில் விட்டு அந்த முனை வரை தடையில்லாமல் ஓட்ட முடிந்தால் முறுக்கு முழுதும் அவிழ்ந்துவிட்டது. 115 சுற்று ஆனது என்றால் அங்குலத்துக்கு பதினொன்றரை. இதைத்தான் மில்லில் டிபிஐ என்கிறார்கள். ஓர் இடத்தில் மட்டும் எண்ணிவிட்டு முடிவு செய்யாதீர்கள். கோனின் வெவ்வேறு இடங்களில் நாலைந்து துண்டு எடுத்துச் சராசரி பாருங்கள்.

ஒற்றை நூலை இப்படி எண்ணுவது கஷ்டம். இழைகள் பிரியும் நேரத்தில் நூலே அறுந்து கையோடு வந்துவிடும். அதற்கு மில்லில் இருக்கும் ட்விஸ்ட் டெஸ்டர்தான் சரி. நூலை அவிழ்த்து, அதே பக்கமாகத் தொடர்ந்து சுற்றி எதிர்த்திசையில் பழைய நீளம் வரும் வரை முறுக்கி, வந்த எண்ணிக்கையில் பாதியை அது எடுத்துக்கொள்ளும். அருகில் இருக்கும் மில்லிலோ டெஸ்டிங் லேபிலோ கேட்டால் செய்து கொடுப்பார்கள்.

கதிருக்குப் பதிலாக ரோட்டரில் நூற்கும் ஓப்பன் எண்ட் நூலுக்கு மட்டும் இந்த எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது. அந்த நூலின் மேல் சில இழைகள் குறுக்கே சுற்றிக் கட்டியிருக்கும். எவ்வளவு அவிழ்த்தாலும் அவை அவிழாது, டெஸ்டர் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும்.

படி 2: எண்ணை நம்பரோடு சேர்த்துப் பார்ப்பது

அங்குலத்துக்கு 18 முறுக்கு என்றால் அது அதிகமா குறைவா? நூல் நம்பர் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. தடித்த நூலில் 18 என்பது கட்டை மாதிரி விறைப்பாக இருக்கும், மெல்லிய நூலில் அதே 18 தொளதொளவென்று இருக்கும். அதனால் நூற்பாலையில் ட்விஸ்ட் மல்டிப்ளையர் என்ற ஒரு பெருக்கெண்ணை வைத்துப் பேசுகிறார்கள். சுருக்கமாக டிஎம்.

```
TPI = TM × √Ne
```

Ne என்பது நமக்குப் பழக்கமான பருத்தி நூல் நம்பர். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பதுதான் அது. இருபதாம் நம்பருக்கு வர்க்கமூலம் 4.47. அதில் 18 முறுக்கு இருந்தால் டிஎம் 4-க்குப் பக்கத்தில் வரும், நல்ல பாவு நூல். பத்தாம் நம்பரில் அதே 18 இருந்தால் டிஎம் 5.7, கைக்கு முரடாக இருக்கும், தொய்வாக விட்டால் சுருண்டுகொள்ளும். நாற்பதாம் நம்பரில் 18 என்றால் 2.8தான், தறியில் நிற்காது.

பருத்தியில் நினைவில் வைத்துக்கொள்ள மூன்று இடங்கள் போதும். பின்னலாடைக்குப் போகும் பனியன் நூல் 3.5 அருகே. நெசவுப் பாவு நூல் 4-லிருந்து 4.3 வரை. வாயில், கிரேப் துணிகளுக்குப் போகும் நூல் 5-க்கு மேலே. ஊடை நூல் முதல் இரண்டுக்கும் நடுவே எங்காவது இருக்கும். நீண்ட இழைப் பஞ்சாக இருந்தால் இதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், குட்டை இழையாக இருந்தால் கூட்ட வேண்டும். ஓப்பன் எண்ட் நூலுக்கும் கூடுதல் முறுக்கு தேவைப்படும். விலை குறைந்த டவல்கள் முதல் நாளே சொரசொரவென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 3: வலிமை எங்கே ஏறி எங்கே இறங்குகிறது

பருத்தி இழை ஒன்று சுமார் 28, 30 மில்லிமீட்டர் நீளம்தான். அதை வைத்து மீட்டர் கணக்கில் நூல் நிற்கிறது என்றால் இழைகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிப்பதால்தான். வைக்கோல் பிரி திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: திரிக்காத வைக்கோல் உருவினால் வந்துவிடும், திரித்த பிரியில் மாட்டைக் கட்டலாம். முறுக்கு ஏற ஏற இழைகளின் பிடி கூடுகிறது, நூல் வலுக்கிறது.

ஆனால் இது ஓர் எல்லை வரைதான். அதற்கு மேல் முறுக்கினால் இழைகள் நூலின் போக்கில் படுக்காமல் குறுக்கே சாய ஆரம்பிக்கின்றன. இழுக்கும் திசை ஒன்று, இழை கிடக்கும் திசை வேறு. அதனால் ஒவ்வொரு இழையின் முழு பலமும் நூலுக்குக் கிடைப்பதில்லை. பருத்தியில் இந்த உச்சம் பொதுவாக டிஎம் 4-க்கும் 4.5-க்கும் நடுவே வருகிறது. அதைத் தாண்டி முறுக்குபவர்கள் வலிமைக்காகச் செய்வதில்லை. கிரேப்பின் சுருக்கத்துக்காகவோ வாயிலின் மொடமொடப்புக்காகவோ செய்கிறார்கள்.

கையில் இருக்கும் நூல் உச்சத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்க இயந்திரம் வேண்டாம். ஒரு துண்டை இரண்டு கையாலும் இழுத்து அறுத்து, அறுந்த முனையைப் பாருங்கள். முனை நீளமாக, பூனை வால் மாதிரி மெலிந்துகொண்டே போனால் இழைகள் அறுபடவில்லை, வழுக்கி உருவி வந்திருக்கின்றன. முறுக்கு பற்றவில்லை. டக்கென்ற சத்தத்தோடு குட்டையாக அறுந்தால் இழைகளே அறுந்திருக்கின்றன. அதோடு, அறுந்ததும் இரண்டு முனையும் தானாகச் சுருண்டுகொண்டால் முறுக்கு தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம்.

மென்மையைப் பொறுத்தவரை கணக்கு நேர் எதிர். முறுக்கு குறையக் குறைய நூல் உப்பும், இழைகளுக்கு நடுவே இடம் கிடைக்கும், தண்ணீர் உள்ளே போகும். வலிமையின் உச்சத்தில் மென்மை கிடையாது. ஒற்றை நூலை மட்டும் வைத்துக்கொண்டு இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. இங்கேதான் புரி வருகிறது.

படி 4: இரண்டாவது புரி என்ன செய்கிறது

ஒற்றை நூல் இரண்டை ஒன்றாக வைத்து, அவற்றின் முறுக்குக்கு எதிர்ப்பக்கமாகத் திரித்தால் இருபுரி நூல். மில்லில் இரண்டு நூலையும் முதலில் ஒரே கோனில் இணையாகச் சுற்றி, பிறகு டூ ஃபார் ஒன் இயந்திரத்தில் ஓட்டுவார்கள். கதிர் ஒரு சுற்று சுற்றினால் நூலில் இரண்டு முறுக்கு விழுவதால் இயந்திரத்துக்கு அந்தப் பெயர். 2/20 என்றால் இருபதாம் நம்பர் இரண்டு சேர்ந்தது, தடிமனில் பத்தாம் நம்பர்.

எதிர்ப்பக்கமாகத் திரிப்பதில்தான் சூட்சுமம். எஸ் பக்கம் ஒரு சுற்று போடும்போது ஒவ்வொரு புரியிலும் இருக்கும் இசட் முறுக்கில் ஒரு சுற்று அவிழ்கிறது. இருபதாம் நம்பர் ஒற்றை நூலில் 18 முறுக்கு இருந்து, அவற்றைச் சேர்த்து 12 எதிர்முறுக்கு போட்டால், புரிக்குள்ளே மிஞ்சுவது 6தான். இழைகள் தளர்ந்து விரிகின்றன. ஆனால் நூல் பிரிந்துவிடாது. முன்பு உள்ளே இருந்த முறுக்கு செய்த வேலையை இப்போது இரண்டு புரியும் ஒன்றையொன்று தழுவிப் பிடித்துச் செய்கின்றன. ஒரு புரியில் மெலிந்த இடம் இருந்தால் பக்கத்துப் புரி தாங்கிக்கொள்ளும். நீட்டிக்கொண்டிருந்த பிசிறுகளும் நடுவே மாட்டி அடங்கிவிடும். ஒற்றைப் பாவுக்கு ஏற்றும் கஞ்சியை இருபுரிப் பாவுக்குப் பாதியாகக் குறைப்பவர்களும் உண்டு, கஞ்சியே போடாமல் நெய்பவர்களும் உண்டு.

எவ்வளவு எதிர்முறுக்கு போடுவது? ஒற்றை நூலின் முறுக்கில் 60-லிருந்து 70 சதவீதம் என்பது நல்ல தொடக்கம். இந்த இடத்தில் நூலின் மேற்பரப்பில் இருக்கும் இழைகள் கிட்டத்தட்ட நூலின் போக்கிலேயே நேராகப் படுக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். நேராகப் படுத்த இழை தோலில் உறுத்தாது, வெளிச்சத்தையும் ஒழுங்காகத் திருப்பி அனுப்பும். பழைய இருபுரிச் சட்டைத் துணிகளின் மினுமினுப்பு இப்படி வருவதுதான். சதவீதம் 80-ஐத் தாண்டினால் நூல் கயிறு மாதிரி இறுகத் தொடங்கும். 50-க்குக் கீழே போனால் புரிகள் தளர்ந்து நடுவே சந்து விழும்.

அதே திசையில் திரிப்பதும் உண்டு, இசட் மேல் இசட். அது உள்முறுக்கையும் கூட்டி நூலைக் கம்பியாக்கும். சில துணிகளுக்கு அது தேவைப்படும், டவலுக்கு வேண்டவே வேண்டாம்.

சமநிலையைப் பார்க்க ஒரு மீட்டர் நூலை எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுங்கள். வளையம் சும்மா தொங்கினால் நூல் சமநிலையில் இருக்கிறது. தன்னைத்தானே சுற்றிக்கொண்டால் இல்லை. ஆனால் கோனில் நாள்கணக்கில் கிடந்த நூலையும் மில்லில் ஆவி காட்டி வந்த நூலையும் இப்படிப் பார்த்து ஏமாறக் கூடாது. அவற்றில் முறுக்கு தூங்கிக்கொண்டிருக்கும், போகவில்லை. பருத்தியில் அது நனைந்ததும் எழுந்துகொள்ளும். அதனால் வளையத்தை ஒரு நிமிஷம் வெந்நீரில் முக்கி எடுத்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். டவலும் நனையப் போகிற துணிதானே.

பனியன் துணியில் இந்தத் தூங்கும் முறுக்குதான் பெரிய தலைவலி. ஒற்றை நூலில் பின்னிய டி-சர்ட் இரண்டு சலவையில் முறுக்கிக்கொண்டு, பக்கத்துத் தையல் வயிற்றுக்கு வந்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். திருப்பூரில் பனியன் நூலுக்கு முறுக்கைக் குறைத்தே கேட்பதற்கு மென்மை மட்டும் காரணம் இல்லை, இதுவும்தான். சமநிலையான இருபுரி நூலில் பின்னினால் இந்தக் கோணல் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் அதே தடிமனுக்கு இரண்டு மடங்கு மெல்லிய நூல் நூற்று, சேர்த்துச் சுற்றி, திரிக்க வேண்டும். அந்தக் காசை எல்லா பனியனும் தாங்காது.

படி 5: இழுபடுவது எப்படி நடக்கிறது

துணியிலிருந்து நூல் வெளியே இழுபட இரண்டு விஷயங்கள் நடக்க வேண்டும். முதலில் ஏதோ ஒரு கூர்முனை நூலில் மாட்ட வேண்டும். பிறகு மாட்டிய நூல் துணிக்குள்ளிருந்து நழுவி வர வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் முறுக்கைக் கூட்டுவதா குறைப்பதா என்று குழம்புவோம்.

மாட்டுவதைத் தடுப்பது முறுக்கு. இறுக முறுக்கிய நூல் உருண்டையாக, கெட்டியாக இருக்கும், நகம் வழுக்கிக்கொண்டு போகும். தளர்ந்த நூலில் முனை நூலுக்குள்ளேயே நுழைந்து பத்துப் பதினைந்து இழைகளைத் தூக்கிவிடும். முறுக்கே இல்லாத பட்டு இழைகளையோ பாலியஸ்டர் இழைகளையோ வறண்ட விரலால் தடவினால் கூட மாட்டுவது இதனால்தான். இருபுரி நூலில் இரண்டு புரியும் கட்டிக்கொண்டிருப்பதால், உள்ளே மென்மையாக இருந்தும் முனை நுழைவது குறைகிறது.

நழுவுவதைத் தடுப்பது உராய்வு. இங்கே வழவழப்பான கெட்டி நூல் தோற்கும். மாட்டிக்கொண்டால் நீளமாக உருவி வந்துவிடும். பிசிறுள்ள மென்மையான நூல் பக்கத்து நூல்களைப் பற்றிக்கொண்டு எளிதில் விடாது. ஆக முறுக்கைக் கூட்டிக்கொண்டே போனால் இழுபடும் இடங்களின் எண்ணிக்கை குறையும், ஆனால் இழுபட்ட ஒவ்வொன்றும் நீளமாக இருக்கும்.

டவலில் பைல் நூலை எதுவும் முடிச்சுப் போட்டுப் பிடிக்கவில்லை. வழக்கமான மூன்று ஊடை டெர்ரியில் இரண்டு ஊடைகளைத் துணியின் விளிம்புக்குச் சற்று முன்னாலேயே நிறுத்தி, மூன்றாவதைப் போட்டதும் மூன்றையும் சேர்த்து அடிப்பார்கள். இறுக்கமான கிரவுண்ட் பாவின் மேல் ஊடைகள் சறுக்கி முன்னால் வர, தளர்வாக விட்ட பைல் பாவு மடங்கி வளையமாக எழும். அந்த வளையத்தைப் பிடித்திருப்பது ஊடையின் அழுத்தம் ஒன்றுதான். அதனால் ஊடையை அங்குலத்துக்கு நாலைந்து குறைத்துக் காசு மிச்சம் பிடித்த டவலில் பைலுக்கு எந்த முறுக்கு கொடுத்தாலும் பலன் இருக்காது. இழுபடுகிறது என்று புகார் வந்தால் நான் முதலில் ஊடையைத்தான் எண்ணிப் பார்க்கச் சொல்வேன், அப்புறம்தான் நூல்.

இழுபட்ட வளையத்தை டவலில் துணிமட்டத்துக்குக் கத்தரித்துவிடலாம். இரண்டு பக்கமும் ஊடை பிடித்திருப்பதால் அது மேலும் பிரியாது. பின்னல் துணியில் இதைச் செய்யாதீர்கள், அறுந்த கண்ணியிலிருந்து ஏணி மாதிரி ஓட்டை ஓடும்.

படி 6: ஒரு டவலுக்கு முழுக் கணக்கு

ஓட்டலுக்குப் போகும் குளியல் டவல் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 30 அங்குலம் அகலம், 60 அங்குலம் நீளம், சதுர மீட்டருக்கு 500 கிராம். ஒன்றின் எடை 580 கிராம் அளவில் வரும். முதல் சாம்பிளில் பைலுக்கு 16-ஆம் நம்பர் ஒற்றை நூல், டிஎம் 3, அதாவது அங்குலத்துக்கு 12 முறுக்கு. தொட்டால் பஞ்சு மாதிரி இருக்கிறது. சில சலவைக்குப் பிறகு சலவை இயந்திரத்தின் வடிகட்டியில் பஞ்சு சேர்கிறது, வளையங்கள் அங்கங்கே நீண்டு தொங்குகின்றன. என்ன செய்யலாம்?

கிரவுண்ட் பாவைத் தொட வேண்டாம். அது 2/20, ஒற்றையில் 18, எதிர்முறுக்கு 12. டவலைப் பிழியும்போதும் இயந்திரத்தில் சுழலும்போதும் இழுவிசையை வாங்குவது இதுதான். உடம்பில் படுவதில்லை, அதனால் மென்மைக்காக இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

ஊடை 16-ஆம் நம்பர் ஒற்றை, டிஎம் 3.6, அங்குலத்துக்கு 14 சுற்றுக்கு மேல். இதையும் பாவு அளவுக்கு முறுக்க வேண்டாம். கொஞ்சம் தளர்ந்த ஊடை அடிபடும்போது தட்டையாகி பைல் நூலை அதிகப் பரப்பில் அழுத்தும்.

பைலில் மூன்று வழி இருக்கிறது. செலவில்லாத வழி, அதே 16-ஆம் நம்பரில் முறுக்கை 12-லிருந்து 14-க்கு ஏற்றுவது, டிஎம் 3.5. பஞ்சு உதிர்வது குறையும், இழுபடுவதும் குறையும், உப்பல் கொஞ்சம் போகும். அடுத்த வழி வளையத்தின் உயரத்தைக் குறைப்பது. நீண்ட வளையம்தான் எளிதில் மாட்டும். ஆனால் எடையும் சேர்ந்து குறையும், 500 கிராம் கேட்டவருக்கு அதைக் கொடுக்க முடியாது. ஈடுகட்ட ஊடையை நெருக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழி பைலை 2/32-க்கு மாற்றுவது. தடிமன் அதே பதினாறுதான். 32-க்கு வர்க்கமூலம் 5.66, டிஎம் 3.4 வைத்தால் ஒற்றையில் 19 முறுக்கு. அதில் 60 சதவீதம், பதினொன்றரை எதிர்முறுக்கு. புரிக்குள் மிஞ்சுவது ஏழரை. வளையங்கள் சாயாமல் நேராக நிற்கும், இழை இழையாகத் தூக்காது. ஓட்டல் சலவையில் நூறு முறைக்கு மேல் போகப் போகிற டவலுக்கு நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன், நூல் விலை கூடினாலும். வீட்டு உபயோகத்துக்கு முதல் வழியே போதும்.

இந்தக் கணக்கின் மறுகோடியில் இருப்பதுதான் கடைகளில் ஜீரோ ட்விஸ்ட் என்று விற்கும் டவல். எதிர்முறுக்கை ஒற்றை நூலின் முறுக்குக்குச் சமமாக, 100 சதவீதமாகப் போட்டால் உள்முறுக்கு பூஜ்யமாகிவிடும் அல்லவா? பருத்தி நூலோடு இரண்டாவது புரியாகத் தண்ணீரில் கரையும் பிவிஏ நூலை வைத்து அப்படித் திரிக்கிறார்கள். தறியில் பலத்தைக் கொடுப்பது பிவிஏ. நெய்த பிறகு சூடான நீரில் அது கரைந்து போக, முறுக்கில்லாத பருத்தி மட்டும் வளையமாக நிற்கும். மேகம் மாதிரி இருக்கும், தண்ணீரை உடனே இழுக்கும். கூடவே உதிரும், மாட்டும். பிவிஏ சரியாகக் கரையாமல் தங்கினால் உலர்ந்ததும் அந்த இடம் விறைக்கும். குழந்தைக்கு வாங்கலாம், ஓட்டலுக்குக் கொடுக்கக் கூடாது.

படி 7: சாம்பிளைச் சோதிப்பது

பழைய பைல், புதிய பைல் இரண்டையும் ஒரே தறியில், ஒரே ஊடை எண்ணிக்கையில், ஒரே வளைய உயரத்தில் நெய்யுங்கள். இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. சாயப்பட்டறையில் இரண்டையும் ஒரே சாயத் தொட்டியில் போடச் சொல்லுங்கள்.

புதுத் துணியைத் தொட்டு மென்மையைத் தீர்மானிக்க வேண்டாம். ஃபினிஷிங்கில் போடும் சிலிக்கான் சாஃப்ட்னர் எல்லா நூலையும் ஒரே மாதிரி வழவழப்பாகக் காட்டும், உறிஞ்சுவதையும் கெடுக்கும். சாஃப்ட்னர் போடாமல் நாலைந்து முறை துவைத்து, இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி உலர்த்தித் தொட்டுப் பாருங்கள். ஒன்றைக் கொடியிலும் மற்றதை டிரையரிலும் உலர்த்தினால் ஒப்பிடவே முடியாது, கொடியில் காய்ந்த பருத்தி எந்த முறுக்காக இருந்தாலும் விறைக்கும்.

உறிஞ்சுவதைப் பார்க்க ஒரு சிறு சதுரத்தை வெட்டித் தண்ணீர் மேல் மெதுவாக வைத்து, மூழ்க எத்தனை விநாடி என்று பாருங்கள். இழுபடுதலுக்கு லேபில் மேஸ் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. துணியை உருளையில் மாட்டி, முள் பதித்த குண்டு ஒன்றைச் சங்கிலியில் கட்டி அதன் மேல் துள்ள விடுவார்கள். 600 சுற்றுக்குப் பிறகு 5-லிருந்து 1 வரை மதிப்பெண். 5 என்றால் இழுபடவே இல்லை. அது பெரும்பாலும் மெல்லிய பின்னல், நெசவுத் துணிகளுக்கானது. டவலுக்கு, வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தை ஒரு கட்டையில் ஒட்டி, அதே எடையில், அதே நீளத்துக்கு, இரண்டு சாம்பிளின் மேலும் இழுத்து, எழுந்த வளையங்களை எண்ணினால் ஒப்பிட அது போதும். எத்தனை எழுந்தது, எவ்வளவு நீளம் எழுந்தது, இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை அதிகமாக இருந்தால் முறுக்கைப் பாருங்கள். நீளம் அதிகமாக இருந்தால் ஊடையைப் பாருங்கள்.

படி 8: மில்லுக்கு எழுதுவதும், வந்த சரக்கைப் பார்ப்பதும்

ஆர்டரில் ‘2/32 காட்டன்’ என்று மட்டும் எழுதினால் மில்லுக்கு எது வசதியோ அது வரும். முறுக்கைக் குறைத்தால் அதே கதிரில் ஒரு நாளைக்கு அதிக நூல் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். அதனால் குட்டை இழைகளைச் சீவி நீக்கிய கோம்டா, நீக்காத கார்டடா, ஒற்றையில் எத்தனை முறுக்கு, எந்தத் திசை, டபுளிங்கில் எத்தனை, எந்தத் திசை, ஆவி காட்ட வேண்டுமா என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். மேலே சொன்ன பைலுக்கு இப்படி: ஒற்றை இசட் 19, டபுளிங் எஸ் 11.5, ஆவி காட்டியது. எவ்வளவு கூடுதல் குறைவு ஏற்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால் பிறகு வாக்குவாதம் வராது.

மூட்டைகள் வந்ததும் ஒன்றுக்கு ஒரு கோனாவது எடுத்து படி 1-ல் சொன்ன மாதிரி எண்ணுங்கள். ஒரே நம்பரில் வேறு முறுக்குள்ள நூல் கலந்துவிட்டால் வெள்ளையில் கண்ணுக்குத் தெரியாது. சாயம் ஏறிய பிறகுதான் தெரியும். தளர்ந்த நூல் ஒரு மாதிரி, இறுகிய நூல் ஒரு மாதிரி நிறம் காட்டி, பைலில் நீளவாக்கில் பட்டை விழும். எஸ் நூலும் இசட் நூலும் கலந்தால் சாயமே போடாவிட்டாலும் வெளிச்சம் வேறு வேறு பக்கம் திரும்பி நிழல் கோடு தெரியும். அப்படி ஒரு கோன் கிடைத்தால் பைல் பாவிலிருந்து ஒதுக்கிவிடுங்கள். தடிமன் ஒத்துப்போனால் ஊடைக்கு ஓட்டலாம், வளையங்கள் மறைத்துவிடும். ஆனால் டவலின் இரண்டு முனையிலும் வளையமில்லாமல் ஓடும் பார்டர் பட்டையில் ஊடை அப்படியே வெளியே தெரியும், அந்த இடத்துக்கு மட்டும் சுத்தமான கோனை வைத்துக்கொள்ளுங்கள்.